தாள் வரும்வரை ஆவணம் எங்கே இருக்கிறது?

கணினியில் பிரிண்ட் கொடுத்த இரண்டு மூன்று நொடிகளில் திரை நம் கைக்குத் திரும்பிவிடுகிறது. அடுத்த கோப்பைத் திறக்கலாம், விட்ட இடத்திலிருந்து தட்டச்சைத் தொடரலாம். பக்கத்தில் இருக்கும் பிரிண்டர் அப்போதுதான் சூடேறத் தொடங்கியிருக்கும். கொடுத்தது 40 பக்க ஆவணம் என்றால், கடைசித் தாள் வந்து விழ இன்னும் இரண்டு நிமிடமாவது ஆகும். வேர்டு போன்ற மென்பொருள் தன் கையைக் கழுவிவிட்டது, பிரிண்டர் இன்னும் முழுவதையும் வாங்கிக்கொள்ளவில்லை. இடைப்பட்ட இந்த நேரத்தில் அந்த 40 பக்கங்களும் எங்கே இருக்கின்றன?

மூன்று இடங்களில் இருக்கின்றன. ஸ்பூல், பஃபர், கேஷ் என்று அவற்றுக்குப் பெயர். கணினி அறிவியல் படிக்கும் எல்லோரும் ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் படிக்கிறார்கள். மூன்றுமே தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் இடங்கள் என்பதால், தேர்வு முடிந்ததும் ஒன்றோடு ஒன்று குழம்பிப்போகின்றன. இவற்றைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒரு கேள்விதான்: இந்த நொடியில் கரண்ட் போனால், அங்கே இருப்பதில் எது போகும், எது மிஞ்சும்?

தேர்வுக் காலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையை எடுத்துக்கொள்வோம். மூன்று கணினிகள், ஒரே லேசர் பிரிண்டர், நிமிடத்துக்கு 20 பக்கம் அடிக்கும் ரகம். பிரிண்டர் முதல் கணினியோடு யுஎஸ்பி கேபிளில் இணைந்திருக்கிறது. மற்ற இரண்டும் அதன் வழியாக அனுப்புகின்றன. ஒரு கல்லூரி மாணவர் 40 பக்க புராஜெக்ட் ரிப்போர்ட்டை அடிக்கக் கொடுக்கிறார். அரை நிமிடம் கழித்து இரண்டாவது கணினியிலிருந்து ஒரு பெண் தன் ஹால் டிக்கெட்டுக்குப் பிரிண்ட் கொடுக்கிறார். அது ஒரே பக்கம், அடிக்க மூன்றே நொடி. ஆனாலும் ரிப்போர்ட் முழுவதும் முடியும்வரை அவர் நிற்க வேண்டியிருக்கிறது. ஏன் நிற்கிறார் என்பதிலேயே ஸ்பூலின் கதை முழுவதும் இருக்கிறது.

பிரிண்டர் ஒரு பிடிவாதமான கருவி. ஹார்டு டிஸ்கிடம் இந்தக் கோப்பில் கொஞ்சம், அந்தக் கோப்பில் கொஞ்சம் என்று மாறிமாறிக் கேட்டாலும் தரும். பிரிண்டரிடம் அப்படிச் செய்தால் ரிப்போர்ட்டின் பதினோராம் பக்கத்துக்கும் பன்னிரண்டாம் பக்கத்துக்கும் நடுவில் ஹால் டிக்கெட் வந்து விழும். வரிவரியாக அடிக்கும் பழைய பிரிண்டராக இருந்தால் ஒரே தாளிலேயே இரண்டும் கலந்துவிடும். ஆகவே, ஒருவருடைய வேலை தொடங்கினால் முடியும்வரை இன்னொருவருடையது உள்ளே நுழையக்கூடாது. அதற்காக இரண்டாவது ஆளின் மென்பொருளை இரண்டு நிமிடம் உறைய வைப்பதும் சரியல்ல. இரண்டுக்கும் நடுவில் ஆபரேட்டிங் சிஸ்டம் கண்டுபிடித்த வழிதான் ஸ்பூலிங். பிரிண்டருக்குப் போக வேண்டியதை அந்தந்த ஆள் பெயரில் தனித்தனிக் கோப்பாக டிஸ்கில் எழுதி வைத்துவிடுவது. பிறகு பிரிண்டரோடு பேசும் உரிமையை ஒரே ஒரு நிரலுக்கு மட்டும் கொடுத்து, அது ஒவ்வொரு கோப்பாக எடுத்து அனுப்புவது.

இந்த யோசனைக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. 1959-இல் ஐபிஎம் நிறுவனம் 1401 என்ற கணினியையும் அதோடு 1403 என்ற பிரிண்டரையும் அறிமுகப்படுத்தியது. அந்தப் பிரிண்டரின் பரவலான மாடல் நிமிடத்துக்கு 600 வரிகள் அடித்தது. அந்தக் காலத்துக்கு அது அசுர வேகம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வரிக்கு 100 மில்லிசெகண்ட். கணினி தன் நினைவகத்தை ஒருமுறை தொட்டு எடுக்க 11.5 மைக்ரோசெகண்ட் போதும். ஒரு வரி அடித்து முடிவதற்குள் நினைவகத்தை 8,000 தடவைக்கு மேல் தொட்டிருக்கலாம். அந்த 100 மில்லிசெகண்டில் பெரும்பகுதி, அதாவது 84 மில்லிசெகண்ட், கணினி வேறு எதுவும் செய்ய முடியாமல் பிரிண்டருக்காகக் கட்டுண்டு கிடந்தது.

இதற்கு ஐபிஎம் கூடுதல் விலைக்கு ஒரு பாகம் விற்றது. ஒரு வரியின் 132 எழுத்துகளை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும் சின்ன நினைவகம் அது. கணினி அந்த வரியைச் சுமார் 2 மில்லிசெகண்டில் அதில் கொட்டிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிடும். பிரிண்டர் தன் வேகத்தில் அதிலிருந்து எடுத்து அடித்துக்கொள்ளும். 84 மில்லிசெகண்ட் காத்திருப்பு 2 ஆகச் சுருங்கியது. பஃபர் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் துப்புரவான உதாரணம் எனக்குத் தெரியாது. வேகமானவர் மெதுவானவருக்காக நிற்காமல் இருக்க, நடுவில் 132 எழுத்துக்கு இடம். அவ்வளவுதான்.

ஆனால் 132 எழுத்து ஒரு வரிக்குத்தான் போதும். ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட சம்பளப் பட்டியலுக்கு என்ன செய்வது? பெரிய கணினிகள் வைத்திருந்தவர்கள் அச்சிட வேண்டியதையெல்லாம் காந்த நாடாவில் எழுதி, அந்த நாடாவைக் கழற்றி எடுத்துப்போய் ஒரு 1401-இல் மாட்டி அடித்தார்கள். பெரிய கணினி கணக்குப் போடும், சின்ன கணினி அச்சடிக்கும். 1962-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஓடத் தொடங்கிய அட்லஸ் கணினியில் மனிதர்கள் நாடாவைத் தூக்கிச் செல்வதும் தேவையில்லாமல் போனது. உள்ளே வருவதையும் வெளியே போவதையும் நாடாவில் சேர்த்து வைத்துத் தானே ஒழுங்குபடுத்தும் மேற்பார்வை நிரல் அதில் இருந்தது. பிறகு டிஸ்க் வந்தது. நாடாவில் நடுவில் இருப்பதை எடுக்க அதுவரை சுற்றியாக வேண்டும். டிஸ்கில் எந்தக் கோப்பை வேண்டுமானாலும் முதலில் எடுக்கலாம். வரிசையை மாற்றலாம், அவசரமானதை முன்னே தள்ளலாம். 1960-களின் நடுவில் ஹூஸ்டனில் நாசாவின் விண்வெளிப் பயணத் திட்டங்களுக்கான கணினிகளில் ஐபிஎம் ஆட்கள் எழுதிய ஸ்பூலிங் நிரலின் பெயரிலேயே முன்னுரிமை என்ற சொல் இடம்பெற்றிருந்தது.

இனி கடைக்குத் திரும்புவோம். முதல் கணினியில் விண்டோஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாணவர் பிரிண்ட் கொடுத்ததும் அவருடைய 40 பக்கங்களும் இந்த ஃபோல்டருக்குள் போய் உட்காருகின்றன:

```
C:\Windows\System32\spool\PRINTERS
```

நிர்வாகி உரிமையோடு திறந்து பார்த்தால் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கோப்புகள் தெரியும். ஒன்றின் பெயர் `.SPL` என்று முடியும், மற்றது `.SHD` என்று முடியும். முதலாவதில் பக்கங்களே இருக்கின்றன. இரண்டாவது சின்னது, ஒரு சீட்டு மாதிரி: யார் அனுப்பியது, எந்தப் பிரிண்டருக்கு, ஆவணத்தின் பெயர் என்ன, முன்னுரிமை என்ன. லினக்ஸ் கணினியாக இருந்தால் இடம் `/var/spool/cups`. அங்கேயும் இதே ஜோடிதான். 147-ஆம் எண் வேலைக்கு `c00147` சீட்டு, `d00147-001` சரக்கு.

சீட்டைத் தனியாக எழுதி வைப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ரிப்போர்ட்டின் பத்தாம் பக்கம் அடிக்கும்போது கரண்ட் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் கணினி எழும்போது `spoolsv.exe` என்ற ஸ்பூலர் நிரல் அந்த ஃபோல்டரைப் பார்க்கிறது. சீட்டும் சரக்கும் டிஸ்கில் இருந்தால் வேலையை மறுபடி வரிசையில் நிறுத்துகிறது. மாணவர் கணினியைத் தொடவே வேண்டாம். ஸ்பூலில் இருப்பது கரண்ட் போனாலும் மிஞ்சும்படி அமைக்கப்பட்டிருக்கிறது.

கடைக்காரர்கள் பலருக்குத் தெரிந்த ஒரு மர்மத்துக்கும் இதுவே காரணம். மாலையில் பிரிண்டர் மக்கர் செய்கிறது, தாள் வரவில்லை. வாடிக்கையாளர் மறுபடி மறுபடி பிரிண்ட் கொடுத்துப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விடுகிறார். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கடையைச் சாத்துகிறார்கள். காலையில் பிரிண்டரை ஆன் செய்ததும், யாரும் எதுவும் கொடுக்காமலே, நேற்றைய ஆவணம் நாலைந்து பிரதிகள் மளமளவென்று வருகிறது. ஒவ்வொரு அழுத்தலும் டிஸ்கில் ஒரு ஜோடிக் கோப்பாகப் பதிந்து, இரவு முழுவதும் பொறுமையாகக் காத்திருந்திருக்கிறது. தாள் வரவில்லை என்றால் இரண்டாவது முறை அழுத்துவதற்கு முன் வரிசையைத் திறந்து பார்க்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

ஸ்பூலுக்குப் பிறகு பஃபர். ஸ்பூலர் ரிப்போர்ட்டை எடுத்து யுஎஸ்பி கேபிள் வழியாக அனுப்பத் தொடங்குகிறது. மறுமுனையில் பிரிண்டருக்குள்ளேயே சொந்த நினைவகம் இருக்கிறது. அது எதற்கு என்று புரிய, ஒரு பக்கம் எவ்வளவு பெரியது என்று பார்க்க வேண்டும். அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற தெளிவில் ஒரு ஏ4 தாளின் அகலத்தில் சுமார் 4,960 புள்ளிகள், நீளத்தில் சுமார் 7,016. பெருக்கினால் மூன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவு. கறுப்பு அல்லது வெள்ளை என்று ஒரு புள்ளிக்கு ஒரு பிட் வைத்தாலும் 4 எம்பிக்குக் கொஞ்சம் அதிகம்.

லேசர் பிரிண்டரின் உருளை சுழலத் தொடங்கிவிட்டால் பக்கம் முடியும்வரை நடுவில் நிற்காது. தாள் ஒரே சீராக நகர்கிறது. லேசர் கதிர் வரிவரியாக உருளையில் எழுதிக்கொண்டே போகிறது. அந்த வேகத்துக்கு ஈடாகப் புள்ளிகள் இடைவிடாமல் வந்தாக வேண்டும். கணினி அந்த நேரம் பார்த்து ஆன்டிவைரஸ் வேலையில் அரை நொடி மூழ்கிவிட்டால், தாளில் அந்த இடம் வெறுமையாகப் போய்விடும், திரும்பி வந்து நிரப்ப முடியாது. அதனால் பக்கம் முழுவதையும், அல்லது சுருக்கிய வடிவில் அதன் பெரும்பகுதியை, முதலில் தன் நினைவகத்தில் சேர்த்துக்கொண்ட பிறகுதான் பிரிண்டர் தாளை இழுக்கிறது.

நல்ல பிரிண்டர்களில் இரண்டு பக்கத்துக்கு இடம் இருக்கும். ஒரு பக்கம் தாளில் ஏறிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பக்கம் மற்ற இடத்தில் நிரம்பும். பிறகு இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். இதை டபுள் பஃபரிங் என்பார்கள். நம் பிரிண்டர் ஒரு பக்கத்துக்கு எடுப்பது 3 நொடி. அடுத்த பக்கம் 2 நொடியில் தயாராகிவிட்டால் நிமிடத்துக்கு 20 பக்கம் முழுசாக வரும். ஒரே ஒரு பஃபர் மட்டும் இருந்தால் 2 நொடி நிரப்ப, 3 நொடி அடிக்க, ஆக 5 நொடி ஆகும். நிமிடத்துக்கு 12 பக்கம்தான். அட்டையில் போட்டிருக்கும் வேகத்துக்கும் கையில் வரும் வேகத்துக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தில் ஒரு பகுதி இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

பஃபரால் செய்ய முடியாத ஒன்றும் இருக்கிறது. மொட்டை மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு மணி நேரம் வரும் தண்ணீரை நாள் முழுவதுக்கும் பரப்பிக் கொடுக்க அதனால் முடியும். வருவதைவிட அதிகமாகத் தினமும் செலவழித்தால் எவ்வளவு பெரிய தொட்டி கட்டினாலும் ஒரு நாள் காலியாகும். மாணவரின் ரிப்போர்ட்டில் படங்கள் நிறைந்த பக்கம் ஒவ்வொன்றும் தயாராக 8 நொடி எடுக்கிறது என்றால், பிரிண்டரில் நினைவகத்தை எத்தனை மடங்கு கூட்டினாலும் நிமிடத்துக்கு ஏழு எட்டுப் பக்கத்துக்கு மேல் வராது. பஃபர் வேகத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும், சராசரி வேகத்தை உயர்த்தாது. படம் நிறைந்த பக்கத்தை முழுசாகப் பிடித்து வைக்க இடமில்லாத பழைய பிரிண்டர், துணிந்து தாளை இழுத்துவிட்டுப் பாதியில் புள்ளி கிடைக்காமல் மாட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது அதன் சின்னத் திரையில் `Print overrun` என்று வரும். படத்தின் தெளிவை 600-லிருந்து 300-க்குக் குறைத்து மறுபடி கொடுத்தால் புள்ளிகள் நான்கில் ஒன்றாகக் குறைந்து, பெரும்பாலும் அடித்துவிடும்.

கரண்ட் கேள்வியை இங்கே கேட்டால் விடை நேர் எதிர். பிரிண்டரின் பஃபரில் இருப்பது கரண்ட் போன நொடியில் போய்விடும். இதை அறியாமல் கடைகளில் தினமும் நடக்கும் ஒரு விபத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். ரிப்போர்ட்டின் 17-ஆம் பக்கத்தில் தாள் சிக்கிக்கொள்கிறது. அந்த நேரத்தில் 18-ஆம் பக்கம் பிரிண்டரின் நினைவகத்தில் முழுசாக இருக்கிறது, 19-ஆம் பக்கத்தில் பாதி கேபிள் வழியாக வந்துவிட்டது. மீதி கணினியின் டிஸ்கில், ஸ்பூல் கோப்பில் இருக்கிறது. கடைப்பையன் பதற்றத்தில் பிரிண்டரை அணைத்து, தாளை உருவி, மறுபடி ஆன் செய்கிறார். 18-ஆம் பக்கமும் 19-இன் முதல் பாதியும் அழிந்துவிட்டன. ஆனால் கணினியில் இருக்கும் ஸ்பூலருக்கு அது தெரியாமல் போகலாம். அது விட்ட இடத்திலிருந்து, அதாவது 19-ஆம் பக்கத்தின் நடுவிலிருந்து, அனுப்பத் தொடங்குகிறது.

இது எந்த மொழி, எந்த அளவுத் தாள், படம் எங்கே தொடங்குகிறது என்று பிரிண்டருக்குச் சொல்லும் கட்டளைகள் அழிந்த பகுதியில் இருந்தன. புதிதாக விழித்த பிரிண்டர், வருவது படத்தின் தரவு என்று தெரியாமல் அதை எழுத்தாகவே அடிக்கத் தொடங்குகிறது. தாளின் தலையில் ஒரு வரி விசித்திரக் குறிகள், கீழே முழுவதும் வெள்ளை. அடுத்த தாளிலும் அப்படியே. ட்ரேயில் இருக்கும் தாள் தீரும்வரை இது ஓடும். பிரிண்டர் கெட்டுவிட்டது, வைரஸ் புகுந்துவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். தவறான டிரைவர் போட்டிருந்தாலும் இதே குறிகள் வரும். ஆனால் முதல் 16 பக்கம் ஒழுங்காக வந்து, அணைத்துப் போட்ட பிறகு மட்டும் இப்படி வந்தால், காரணம் இதுதான். வரிசை முக்கியம்: தாள் சிக்கினால் பிரிண்டரை அணைக்காமல் கதவைத் திறந்து எடுக்கப் பாருங்கள். பல பிரிண்டர்கள் சிக்கிய பக்கத்தை நினைவில் வைத்துத் தாமே மறுபடி அடிக்கும். அணைத்தே தீர வேண்டுமென்றால், முதலில் கணினியின் வரிசையில் அந்த வேலையை ரத்து செய்யுங்கள். பிறகு பிரிண்டரை அணைத்து, 17-ஆம் பக்கத்திலிருந்து புதிதாகக் கொடுங்கள்.

கணினியில் ரத்து செய்த பிறகும் ஒன்றிரண்டு தாள் வந்துவிழுவதன் காரணமும் இப்போது புரிந்திருக்கும். ரத்து செய்தது ஸ்பூலில் இருந்ததை. பஃபருக்குள் ஏற்கெனவே போனதை அந்தச் சொடுக்கு எட்டாது.

மூன்றாவது, கேஷ். மாணவர் ரிப்போர்ட்டைப் பென் டிரைவில் கொண்டு வந்திருந்தார். முதல்முறை திறக்கச் சில நொடிகள் ஆனது. மூடிவிட்டு, ஒரு பிழை ஞாபகம் வந்து மறுபடி திறக்கிறார். இந்த முறை சட்டென்று திறக்கிறது. பென் டிரைவிலிருந்து ஒருமுறை படித்ததை ஆபரேட்டிங் சிஸ்டம் ரேமில் ஒரு பிரதியாக வைத்துக்கொண்டது. இரண்டாவது முறை அந்தப் பிரதியையே கொடுத்துவிட்டது. அச்சு வேலைக்குள்ளேயும் இதே உத்தி இருக்கிறது. பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் மென்பொருள், "க" என்ற எழுத்தை அந்த அளவில் முதல்முறை சந்திக்கும்போது அதன் வளைவுகளைக் கணக்கிட்டுப் புள்ளிகளாக வரைகிறது. வரைந்ததை எறியாமல் வைத்துக்கொள்கிறது. பக்கத்துக்கு 1,500 எழுத்துருவம் என்று வைத்தால் 40 பக்கத்துக்கு 60,000. அவற்றில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட உருவங்கள் தலைப்பு எழுத்துகளையும் சேர்த்துச் சில நூறுதான் இருக்கும். மீதி எல்லாம் ஏற்கெனவே வரைந்ததை எடுத்து ஒட்டுவது.

பஃபருக்கும் கேஷுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இங்கே தெரிகிறது. இரண்டும் ரேமில்தான் இருக்கின்றன, இரண்டும் கரண்ட் போனால் அழியும். ஆனால் படிப்பதற்கான கேஷில் இருப்பது நகல். மூலம் பென் டிரைவில் பத்திரமாக இருக்கிறது, எழுத்தின் வளைவுகள் எழுத்துருக் கோப்பில் இருக்கின்றன. அழிந்தால் நேரம்தான் நட்டம். மறுபடி படிக்கலாம், மறுபடி வரையலாம். பஃபரில் இருப்பதற்கோ வேறெங்கும் பிரதி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்னொன்று, பஃபரில் இருப்பது ஒருமுறை போய்ச் சேர்ந்ததும் அதன் வேலை முடிந்தது. கேஷில் ஒன்றை வைப்பதே அதை மறுபடியும் கேட்பார்கள் என்ற எதிர்பார்ப்பில்தான். யாரும் இரண்டாம் முறை கேட்காவிட்டால் கேஷால் பயனே இல்லை.

இவ்வளவு தெளிவாகப் பிரித்த பிறகு ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். எழுதும்போது கேஷ் இரண்டு வேடமும் போடுகிறது. மென்பொருள் "இதை டிஸ்கில் எழுது" என்று சொன்னால், லினக்ஸ் முதலில் அதை ரேமில் இருக்கும் கேஷில் எழுதிவிட்டு, "ஆயிற்று" என்று பதில் சொல்லிவிடுகிறது. டிஸ்குக்கு அது பிறகு போகிறது. வழக்கமான அமைப்பில் அப்படிக் காத்திருக்கும் தரவுக்கு 30 நொடி வயதானதும் எழுதுவதற்கு உரியதாகிறது. அப்படி வயதானவை இருக்கின்றனவா என்று 5 நொடிக்கு ஒருமுறை விழித்துப் பார்க்கும் வேலையாள் ஒன்று உள்ளே இருக்கிறது. அந்தச் சில நொடிகளுக்கு ரேமில் இருப்பது நகல் இல்லை, அதுவே மூலம். லினக்ஸில் இதைக் கண்ணால் பார்க்கலாம்:

```
grep Dirty /proc/meminfo
sync
grep Dirty /proc/meminfo
```

முதல் வரி, இன்னும் டிஸ்குக்குப் போகாமல் ரேமில் தேங்கி நிற்பது எவ்வளவு என்று காட்டும். `sync` அனைத்தையும் உடனே எழுதச் சொல்கிறது. மறுபடி பார்த்தால் எண் சரிந்திருக்கும். பெரிய கோப்பு ஒன்றைப் பென் டிரைவுக்கு நகலெடுத்த கையோடு இதைச் செய்து பார்த்தால், திரையில் 100 சதவீதம் என்று வந்த பிறகும் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்பது தெரியும். அதைப் பார்த்தவர்கள் பென் டிரைவைச் சட்டென்று பிடுங்க மாட்டார்கள். விண்டோஸில் 2018-இன் இறுதியில் வந்த பதிப்பிலிருந்து பென் டிரைவுக்கு இப்படித் தேக்கி எழுதுவதை முன்னிருப்பாக நிறுத்திவிட்டார்கள். எழுதும் வேகம் சற்றுக் குறையும், பிடுங்கினால் ஆபத்தும் குறையும்.

இந்தச் சிக்கல் ஸ்பூலையும் தொடுகிறது. ஸ்பூல் கோப்பும் ஒரு கோப்புதானே. அதுவும் முதலில் கேஷில்தான் எழுதப்படுகிறது. ஹால் டிக்கெட் போன்ற சின்ன வேலை, ஸ்பூலில் எழுதப்பட்டு, அங்கிருந்து படிக்கப்பட்டு, பிரிண்டருக்கு அனுப்பப்பட்டு, அழிக்கப்படுவது எல்லாமே அதன் தரவு டிஸ்கைத் தொடுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடலாம். ஸ்பூலில் இருப்பது கரண்ட் போனாலும் மிஞ்சும் என்று மேலே சொன்னதற்கு இந்தச் சில நொடி விதிவிலக்கு உண்டு. பிரிண்ட் கொடுத்த மறுநொடியே கரண்ட் போனால், மறுபடி எழும்போது வரிசையில் அந்த வேலை இல்லாமலே போகலாம்.

ஸ்பூலுக்கு டிஸ்கில் இடமும் வேண்டும். வண்ணப் புகைப்படப் பக்கத்தை முன்கூட்டியே புள்ளிகளாக்கி அனுப்பும் டிரைவர்கள் உண்டு. 600 தெளிவில் ஒரு புள்ளிக்கு மூன்று பைட் என்றால், சுருக்காத ஒரு பக்கம் சுமார் 104 எம்பி. 40 பக்கம் 4 ஜிபியைத் தாண்டும். `C:` டிரைவில் அவ்வளவு இடம் இல்லாத பழைய கணினியில் வேலை பாதியில் நின்றுவிடும். வரும் பிழைச் செய்தியோ பிரிண்டரைத்தான் குறை சொல்வதுபோல இருக்கும். சின்ன ஆவணங்கள் வந்து, பெரியது மட்டும் வராவிட்டால் முதலில் டிஸ்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

இன்னொரு பழக்கமான நோய், வரிசையில் ஒரு வேலை `Deleting` என்று காட்டிக்கொண்டு போகாமல் அடம்பிடிப்பது. ஸ்பூலர் அந்தக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பிரிண்டரின் பதிலுக்குக் காத்திருக்கிறது. பிரிண்டரிடமிருந்து பதில் வரவில்லை. திறந்திருக்கும் கோப்பை அழிக்க முடியாது, பின்னால் நிற்பவை நகரவும் முடியாது. ஸ்பூலரை நிறுத்தினால்தான் அதன் பிடி விடும். நிர்வாகி உரிமையோடு திறந்த கட்டளைச் சாளரத்தில்:

```
net stop spooler
del /Q C:\Windows\System32\spool\PRINTERS\*.*
net start spooler
```

நடு வரி எல்லோருடைய வேலையையும் அழித்துவிடும், ஹால் டிக்கெட்டையும் சேர்த்து. ஆகவே முதலில் பிரிண்டரை மட்டும் அணைத்து ஆன் செய்து, பிறகு முதல் வரியையும் மூன்றாம் வரியையும் மட்டும் கொடுத்துப் பாருங்கள். பல சமயம் அதுவே போதும்.

ஃபோல்டரைப் பற்றிப் பேசும்போது கடைக்காரர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்லும் ஒன்று உண்டு. விண்டோஸில் பிரிண்டரின் பண்புகளில் `Advanced` பகுதியில் `Keep printed documents` என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டிருந்தால் அடித்து முடித்த பிறகும் ஸ்பூல் கோப்பு அழியாது. வாடிக்கையாளர்களின் ஆதார், வங்கிக் கணக்கு விவரம், மருத்துவ அறிக்கை எல்லாம் கடைக் கணினியில் சேர்ந்துகொண்டே போகும். பொதுக் கணினியில் அந்த டிக் இருக்கவே கூடாது. ஸ்பூலர் பிறருடைய கோப்புகளை உயர்ந்த அதிகாரத்தோடு வாங்கி எழுதும் நிரல் என்பதால் தாக்குபவர்களின் கண்ணும் அதன்மேல் இருக்கிறது. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் வைரஸ் பரவிய வழிகளில் ஒன்று விண்டோஸ் ஸ்பூலரில் இருந்த ஓட்டை. 2021-இல் அதே ஸ்பூலரில் இன்னொரு ஓட்டை வெளிவந்து, மைக்ரோசாஃப்ட் வழக்கமான தேதிக்குக் காத்திராமல் அவசரத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. பிரிண்டரே இல்லாத சர்வர்களில் ஸ்பூலரை அணைத்து வைப்பது அதனால்தான் நல்ல நடைமுறை.

கடைசியாக, இன்னும் நின்றுகொண்டிருக்கும் ஹால் டிக்கெட்டுக்கு வருவோம். விண்டோஸில் ஒரே பிரிண்டரை இரண்டு பெயரில் சேர்க்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் 1 முதல் 99 வரை முன்னுரிமை கொடுக்கலாம், 99 உயர்ந்தது. ஒன்றிரண்டு பக்க வேலைகளுக்கு "அவசரம்" என்ற பெயரில் 99, ரிப்போர்ட்டுகளுக்கு 1. லினக்ஸில் எண் 1 முதல் 100 வரை. எதுவும் சொல்லாவிட்டால் 50. வரிசையில் நிற்கும் வேலையையும் பிறகு முன்னே தள்ளலாம்:

```
lp -i 148 -q 100
```

ஆனால் இந்த எண்கள் காத்திருக்கும் வேலைகளுக்கு நடுவில்தான் செல்லும். அடித்துக்கொண்டிருக்கும் ரிப்போர்ட்டை நிறுத்தி நடுவில் நுழைக்காது. பிரிண்டர் ஒரு வேலையைத் தொடங்கினால் முடியும்வரை இன்னொன்றை ஏற்காது என்ற பழைய பிடிவாதம் அப்படியேதான் இருக்கிறது. அதனால் அனுபவமுள்ள கடைக்காரர்கள் தேர்வுக் காலத்தில் 40 பக்கத்தை ஒரே வேலையாகக் கொடுப்பதில்லை. 1 முதல் 10, 11 முதல் 20 என்று நான்கு வேலைகளாகக் கொடுக்கிறார்கள். ஒவ்வொன்றும் அரை நிமிடம். நடுவில் வரும் ஹால் டிக்கெட், அப்போது ஓடும் பத்துப் பக்கம் முடிந்ததும் அடுத்த பத்துக்கு முன்னால் போய்விடும். அந்தப் பெண் நிற்க வேண்டியது அதிகபட்சம் 30 நொடி. மாணவருக்குத் தன் ரிப்போர்ட் 3 நொடி தாமதமாகக் கிடைக்கும்.